சுற்றளவு 140 மீட்டர், 3 மீட்டருக்கு ஒரு தூண்: எத்தனை தூண், எத்தனை மூட்டை சிமெண்டு?

நிபோங்திபால் பையன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வாங்கிப் போட்ட காலிமனை ஒன்று நிபோங் திபால் பக்கம் இருக்கிறது. இப்போது வேலி போடலாம் என்று முடிவு. சதுரமான மனை இல்லை. ரோட்டுப் பக்கம் 32 மீட்டர், வலது பக்கம் 41, பின்பக்கம் 29, இடது பக்கம் 38. மொத்தம் 140. தரை சமமாகத்தான் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் இடது மூலையிலிருந்து 6 மீட்டர் தள்ளி 4.2 மீட்டர் அகல கேட் வரும்.

கான்கிரீட் தூண், 1.8 மீட்டர் உயர செயின்லிங்க் வலை, மேலே இரண்டு வரி முள்கம்பி. தூணுக்குத் தூண் 3 மீட்டர். இரண்டு காண்ட்ராக்டரிடம் விலை கேட்டேன். ஒருவர் 46 தூண் என்கிறார், இன்னொருவர் 60 என்கிறார். சிமெண்டு பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை, "அதெல்லாம் உள்ளே அடக்கம்" என்கிறார்கள். பொருளை நானே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஆள் வைக்க நினைக்கிறேன். கணக்கு எப்படிப் போடுவது?

கணக்குப்பிள்ளை கே.எல்

தம்பி, இது சின்னக் கணக்கு. 140-ஐ 3-ஆல் வகுத்தால் 46.67. அதை 47 ஆக்குங்கள். முதல் தூணுக்கு ஒன்று கூட்டினால் 48. முடிந்தது. 46 சொன்னவர் சரியாக வகுக்கவில்லை, 60 சொன்னவர் உங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்.

பாயான் லெப்பாஸ் ராஜா

வேலியே வேண்டாம் என்பேன். என் அக்கா வீட்டில் செங்கல் சுவர்தான் கட்டினோம், ஐந்தடி. அடியில் பீம் போட்டு, பத்தடிக்கு ஒரு ஸ்டம்ப். பத்து வருடமாக அப்படியே நிற்கிறது. வலை எல்லாம் துருப்பிடித்துவிடும்.

நிபோங்திபால் பையன்

ராஜா அண்ணே, 140 மீட்டருக்குச் சுவர் என்றால் மனையை விற்றுத்தான் கட்ட வேண்டும். இப்போதைக்கு வேலிதான்.

சைட் மோகனா

கணக்குப்பிள்ளை சொன்ன 48 என்ற எண் சரி. ஆனால் அந்த எண்ணுக்கு அவர் வந்த வழி சரியில்லை, அடுத்த மனைக்கு இதே வழியில் போனால் உதைக்கும்.

வேலி சுற்றி வந்து தொடங்கிய தூணிலேயே முடிந்தால், எத்தனை இடைவெளியோ அத்தனை தூண்தான். ஒன்று கூட்டவே கூடாது. கூட்டுவது நேராகப் போய் முடிகிற வேலிக்கு. உங்கள் மனையில் கேட் இருப்பதால் வலை அங்கே அறுபடுகிறது. ஒரு கேட் தூணில் தொடங்கி மனையைச் சுற்றி வந்து மறு கேட் தூணில் முடிகிறது. அதனால்தான் இங்கே ஒன்று கூட்டுகிறோம். ஆனால் அப்படிக் கூட்டுவதானால் கேட்டின் 4.2 மீட்டரைக் கழித்திருக்க வேண்டும். அவர் கழிக்கவில்லை.

கழித்துப் பார்த்தால் 135.8, வகுத்தால் 45.27, அதாவது 46 இடைவெளி, 47 தூண். இதுவும் தப்புதான். மூலையில் கட்டாயம் தூண் வரும். 41 மீட்டர் பக்கத்தின் கடைசி இரண்டு மீட்டரை அப்படியே மடக்கிப் பின்பக்கத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆகவே பக்கம் பக்கமாகத்தான் எண்ண வேண்டும்.

வலது பக்கம் 41 மீட்டர், 14 இடைவெளி. பின்பக்கம் 29, அது 10. இடது பக்கம் 38, அது 13. முன்பக்கம் கேட்டுக்கு இடப்புறம் 6 மீட்டர், சரியாக 2. கேட்டுக்கு வலப்புறம் 21.8 மீட்டர், அது 8. மொத்தம் 47 இடைவெளி, 48 தூண். இதில் நான்கு மூலைத் தூண், இரண்டு கேட் தூண், மீதி 42 நடுத்தூண்.

ஒவ்வொரு பக்கத்திலும் மிச்சத்தைக் கடைசியில் தள்ளாமல் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். 41 மீட்டரை 14-ஆல் வகுத்தால் 2.93 மீட்டர். ஆட்கள் 3 மீட்டர் கோலை வைத்து அளந்துகொண்டே போனால் கடைசிக் கட்டம் 2 மீட்டரில் நிற்கும், பார்க்கவே அசிங்கமாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை கே.எல்

சரி அம்மா, விடை ஒன்றுதானே! ஆனால் ஒரு சந்தேகம். கேட்டுக்கு வலப்புறம் 21.8 என்கிறீர்கள். அதை 7 கட்டமாக்கினால் 3.11 மீட்டர்தான் வருகிறது. பதினோரு சென்டிமீட்டருக்காக ஒரு தூண், ஒரு குழி, அதற்குக் கலவை என்று எதற்கு?

சைட் மோகனா

3 மீட்டர் என்பதை நான் உச்சவரம்பாக எடுத்துக்கொள்கிறேன், அதனால் 8. உங்கள் இஷ்டத்துக்கு 7 வைத்தால் வேலி விழுந்துவிடாதுதான். ஆனால் ரோட்டுப் பக்கம், ஆள் சாய்கிற பக்கம் அது.

பழைய கம்பிக்காரர்

பட்டர்வொர்த்தில் வேலி வேலையே பிழைப்பாக இருந்தவன் நான், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். தம்பி, 60 சொன்ன ஆளைத் திட்ட வேண்டாம். மூலைத் தூண் சாயாமல் சாய்வாகத் தாங்குகிற முட்டுத் தூணையும் அவர் சேர்த்து எண்ணியிருப்பார். 46 சொன்னவரைத்தான் நான் கூப்பிட்டு விசாரிப்பேன்.

வலையை இழுத்துக் கட்டும்போது நடுத்தூணுக்கு ஒரு வேலையும் இல்லை. இந்தப் பக்கம் இழுக்கிற அளவு அந்தப் பக்கமும் இழுக்கிறது. மூலையில் அப்படி இல்லை. வரி முடிகிற இடம் அது, முழு இழுவையும் அந்த ஒரு தூண் மேல்தான். முட்டு இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் போதும், மூலைத் தூண் உள்ளே தலையைச் சாய்க்கும், அந்தப் பக்கத்து வலை முழுக்கத் தொங்கும். பார்த்தவுடன் தெரியும்: மேல் கம்பி வயிறு தள்ளியிருக்கும், மூலைத் தூணின் வெளிப்பக்கம் மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து விழுந்திருக்கும்.

ஒரு மூலைக்கு இரண்டு முட்டு, ஒவ்வொரு வேலி வரிசைக்கும் ஒன்று. நான்கு மூலைக்கு எட்டு. கேட் தூண் இரண்டுக்கும் தலா ஒன்று. மொத்தம் பத்து. 48-உம் 10-உம் 58. போகும் வழியில் ஒன்றிரண்டு விரிசல் விடும், 60 என்று சொல்வது நியாயமான எண்தான்.

தூண் 9 அடி வாங்குங்கள். 9 அடி என்பது 2.74 மீட்டர். மண்ணுக்குள் 60 சென்டி, வலை 1.8, தரைக்கும் வலைக்கும் ஐந்து சென்டி. மீதி சுமார் 29 சென்டியில் இரண்டு வரி முள்கம்பி ஓட்டலாம். 8 அடித் தூண் என்றால் வலை முடிகிற இடத்தில் தூணும் முடிந்துவிடும், முள்கம்பிக்கு இடமில்லை. விலையைக் குறைத்துக் காட்ட 8 அடியைக் கொண்டுவந்து இறக்குகிற ஆட்கள் உண்டு. லோரியிலிருந்து இறக்கும்போதே டேப் வைத்துப் பாருங்கள். நாலுக்கு நாலு இஞ்சு தூண் ஒவ்வொன்றும் 65 கிலோவுக்குக் குறையாது, இறக்கிய பிறகு திருப்பி அனுப்ப யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மலையடிவாரம் கலா

நாங்கள் புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் இருக்கிறோம். எங்களுக்குத் திருடன் தொல்லை இல்லை, காட்டுப்பன்றித் தொல்லை. மேலே முள்கம்பி எவ்வளவு போட்டாலும் பன்றி அடியில்தான் மூக்கை விட்டுத் தூக்குகிறது. ஐந்து சென்டி இடைவெளி விட்டால் அதற்குக் கதவு திறந்து வைத்த மாதிரி. நாங்கள் வலையைத் தரைக்குள் ஒரு சாண் புதைத்தோம், அடிவரிக் கம்பியைத் தூணோடு தூண் இறுக்கிக் கட்டினோம். அதன் பிறகு உள்ளே வரவில்லை. ஆனால் புதைத்த பாகம் இப்போது துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. பச்சை உறை போட்ட வலைதான், ஆனாலும் வெட்டின முனைகளில் துரு ஏறுகிறது. உங்கள் பக்கம் பன்றி உண்டா?

நிபோங்திபால் பையன்

பின்பக்கம் செம்பனைத் தோட்டம், கலா அக்கா. உடும்பு பார்த்திருக்கிறேன், பன்றி பற்றித் தோட்டத்துக்காரரிடம் கேட்கிறேன்.

கம்பிக்காரர் ஐயா, முட்டுத் தூண் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்போது குழிக் கணக்கு? ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழம் என்று சொன்னார்கள். போதுமா?

பழைய கம்பிக்காரர்

நடுத்தூணுக்குப் போதும். மூலைக்கும் கேட்டுக்கும் ஒன்றரை அடி சதுரம், இரண்டரை அடி ஆழம் தோண்டுங்கள். தூணின் அடி எல்லா இடத்திலும் இரண்டடியில்தான் நிற்கும், மூலையில் அதற்குக் கீழே அரை அடி கான்கிரீட் கூடுதலாக இருக்கும். இல்லாவிட்டால் மூலைத் தூண் மட்டும் குட்டையாகத் தெரியும். முட்டுக்கு ஒரு அடி சதுரம், ஒன்றரை அடி ஆழம்.

சைட் மோகனா

அந்த அளவையே மீட்டரில் போட்டுத் தருகிறேன்.

நடுத்தூண் குழி 0.3 க்கு 0.3 க்கு 0.6, அதாவது 0.054 கனமீட்டர். தூணே அதில் 0.006 இடம் பிடிக்கும். மீதி 0.048. நாற்பத்திரண்டு குழிக்கு 2.02 கனமீட்டர். மூலையும் கேட்டும் 0.45 சதுரத்தில் 0.75 ஆழம், தூணைக் கழித்தால் 0.146, ஆறுக்கு 0.88. முட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 0.036, பத்துக்கு 0.36. கூட்டினால் 3.25 கனமீட்டர். சிந்துவது, குழியின் ஓரம் சரிவது என்று பத்து விழுக்காடு சேர்த்தால் சுமார் 3.6.

சிமெண்டு, மணல், கல் 1:2:4 கலவையில் ஒரு கனமீட்டருக்கு 50 கிலோ மூட்டை ஆறரைக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஆக 23 மூட்டை. மணல் 1.6 கனமீட்டர், முக்கால் இஞ்சு கல் 3.2 கனமீட்டர்.

சைட்டில் நிற்கும்போது இந்தத் தசமப்புள்ளி எதுவும் ஞாபகத்துக்கு வராது. ஒரு மூட்டைக் கலவை மூன்று நடுத்தூண் குழியை நிரப்பும், அல்லது ஒரு மூலைக் குழியை நிரப்பும், அல்லது நான்கு முட்டுக் குழியை நிரப்பும். இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 42-க்கு 14 மூட்டை, ஆறுக்கு 6, பத்து முட்டுக்கு 3. அதே 23.

இது கணக்குக்கு. உண்மையில் எவ்வளவு போகும் என்பது தோண்டுகிறவர் கையில் இருக்கிறது. மண்வெட்டியால் இரண்டடி ஆழத்துக்கு ஒரு அடி சதுரக் குழி தோண்டிப் பாருங்கள், கை உள்ளே போக இடம் வேண்டும் என்று ஓரத்தை வெட்டிக்கொண்டே போவார்கள். 30 சென்டி 35 ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு குழிக்கான கலவை 0.048-லிருந்து 0.0675 ஆகிவிடும், நாற்பது விழுக்காடு கூடுதல். மூட்டைக்கு மூன்று குழி என்று போனது இரண்டு குழி ஆகிவிடும். நடுத்தூணுக்கு மட்டுமே 21 மூட்டை. தூண் எண்ணிக்கையில் ஒன்று கூடிக் குறைவதைப் பற்றி நாம் இவ்வளவு பேசினோம். குழி ஐந்து சென்டி அகலமானால் அதைவிடப் பல மடங்கு பணம் போகிறது.

கணக்குப்பிள்ளை கே.எல்

அப்படியானால் துளையிடும் இயந்திரம் வாடகைக்கு எடுத்துவிடலாமே? 12 இஞ்சு தமர் இருக்கிறது. வட்டக் குழி என்றால் சதுரத்தைவிடக் கலவை குறையும்.

சைட் மோகனா

இந்தத் தடவை வழியும் சரி, விடையும் சரி. 30 சென்டி வட்டக் குழியில் தூணைக் கழித்தால் 0.036 கனமீட்டர். 42 குழிக்கு ஒன்றரை கனமீட்டர், சதுரத்தைவிட அரை கனமீட்டர் மிச்சம், மூன்று மூட்டை. அதைவிட முக்கியம், எல்லாக் குழியும் ஒரே அளவில் வரும்.

பழைய கம்பிக்காரர்

இயந்திரம் நல்லதுதான், ஆனால் அந்தப் பக்கத்துக் களிமண்ணில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தமர் சுற்றும்போது குழியின் சுவரை வழவழவென்று பூசிவிடும். கான்கிரீட் அந்தச் சுவரைப் பிடிக்காது. குழி போட்டதும் கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கீறிவிடச் சொல்லுங்கள், அடியைக் கொஞ்சம் அகலமாக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நிபோங் திபால் தாழ்ந்த பூமி. காலையில் தோண்டிய குழியில் மதியம் தண்ணீர் நிற்கும். தோண்டிய குழியை அன்றே நிரப்பிவிட வேண்டும். எல்லாக் குழியையும் ஒரேயடியாகத் தோண்டிப் போட்டுவிட்டு, அடுத்த நாள் கலவை போடலாம் என்று நினைக்கவே வேண்டாம். மழை வந்தால் ஓரம் சரிந்து ஒரு அடி குழி ஒன்றரை அடிக் குழியாகிவிடும்.

நிபோங்திபால் பையன்

தண்ணீர் நின்றால் காய்ந்த கலவையை அப்படியே கொட்டலாம், அதுவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று பக்கத்து மனைக்காரர் சொன்னார். அவர் வேலி நன்றாகத்தான் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை கே.எல்

அது சரிதான். என் மாமா எல்லாத் தூணுக்கும் அப்படித்தான் செய்தார். தண்ணீர் கலக்கும் வேலையே மிச்சம்.

சைட் மோகனா

அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் காய்ந்த கலவை ஓரளவுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அரைக்குழி தண்ணீரில் கொட்டினால் சிமெண்டு மேலே மிதந்து போகும், கல் தனியாகக் கீழே உட்காரும். மேலே பார்க்கக் கெட்டியாக இருக்கும், அடியில் வெறும் கல்லும் மணலும்தான். அவ்வளவு தண்ணீர் இருந்தால் வாளியால் இறைத்துவிட்டு, சேற்றையும் அள்ளிவிட்டு, கெட்டியான கலவையைப் போட்டு இடியுங்கள். மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது சாதாரணக் கணக்கு. மழையில் நனைந்த மணல் என்றால் அதில் நாலைந்து லிட்டர் குறைக்க வேண்டியிருக்கும்.

நடுத்தூணில் பக்கத்து மனைக்காரர் வழி தப்பிப் பிழைத்துவிடும். கம்பிக்காரர் ஐயா சொன்ன மாதிரி அங்கே இழுவை இல்லை. மூலைத் தூணில் அதைச் செய்யாதீர்கள்.

பழைய கம்பிக்காரர்

மோகனாவோடு நான் பாதிதான் ஒத்துப்போவேன். தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிற குழியில் எவ்வளவு இறைத்தாலும் தீராது. அங்கே நான் முதலில் ஒரு வாளி காய்ந்த கலவையைப் போட்டு இடித்து ஊற்றை அடைப்பேன், அதன் மேல் ஈரக் கலவை. காலாகாலமாக அப்படித்தான் செய்தோம்.

சைட் மோகனா

அடைக்க ஒரு வாளி என்றால் சரி. குழி முழுக்க என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மலையடிவாரம் கலா

ரெடிமிக்ஸ் லோரி கூப்பிடக் கூடாதா? எங்கள் ரோட்டில் ஒருவர் கூப்பிட்டார்.

பழைய கம்பிக்காரர்

அது வீட்டுத் தரை போடுவதற்கு, அம்மா. இங்கே வேண்டியது மூன்றரை கனமீட்டர், அது முழு லோரி இல்லை, குறைந்த லோடு என்று தனிக் காசு கேட்பார்கள். அதைவிட, லோரி வந்து நின்றால் ஐம்பத்தெட்டுக் குழியையும் ஒரே மூச்சில் நிரப்பியாக வேண்டும். ஒவ்வொரு தூணையும் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்குள் கலவை இறுகிவிடும். சின்னக் கலவை இயந்திரம் ஒன்று வாடகைக்கு எடுங்கள், ஒரு மூட்டை, மூன்று குழி, அப்புறம் அடுத்த மூட்டை. அந்த வேகம்தான் இந்த வேலைக்குப் பொருத்தம்.

முதலில் மூலையும் கேட்டும். அவற்றுக்கு நடுவில் மேலும் கீழும் நூல் கட்டிய பிறகுதான் நடுத்தூண்.

நிபோங்திபால் பையன்

நூல் கட்டுவது என்றதும் ஒன்று கேட்க வேண்டும். எல்லைக்கல் மேலேயே தூணை நடலாமா? வலது பக்கத்து மனைக்காரர் வேலிச் செலவில் பங்கு தர மாட்டாராம்.

சைட் மோகனா

எல்லைக்கல்லைத் தொடவே தொடாதீர்கள். அதைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் நிலச் சட்டப்படி குற்றம். கல் காணவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள நில அளவையாளரை வைத்துத் திரும்பப் போட வேண்டும், பழைய மரத்தையும் வாய்க்காலையும் வைத்து ஊகிக்க வேண்டாம்.

அவர் பங்கு தரவில்லை என்றால் தூணும் அதன் கான்கிரீட்டும் முழுக்க உங்கள் மண்ணுக்குள் இருக்க வேண்டும். எல்லைக்கோட்டின் நடுவில் தூணை நட்டால் 30 சென்டிக் குழியில் பாதி, 15 சென்டி, அவர் நிலத்தில் கிடக்கும். நாளைக்கு அவர் சுவர் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது உங்கள் கான்கிரீட்டைத்தான் உடைப்பார். தூணின் மையத்தை எல்லையிலிருந்து 20 சென்டி உள்ளே வையுங்கள். மூலைக் குழி 45 சென்டி என்பதால் அங்கே மட்டும் குழியை ஒரு கை அளவு உள்பக்கம் தள்ளித் தோண்டச் சொல்லுங்கள்.

உங்கள் மாநகர் மன்றமான எம்பிஎஸ்பியில் கேட்காமல் தொடங்க வேண்டாம். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் கட்டடம் என்ற சொல்லுக்குள் வேலியும் கேட்டும் தூணும்கூட அடக்கம். ரோட்டுப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போட வேண்டும், உயரம் எவ்வளவு என்பதை அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை கே.எல்

இருங்கள் இருங்கள். எல்லாப் பக்கமும் 20 சென்டி உள்ளே வந்தால் சுற்றளவே மாறுகிறதே! ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முனையிலும் 20 சென்டி, 40 குறைகிறது. நான்கு பக்கத்துக்கு 1.6 மீட்டர். வேலியின் சுற்றளவு 138.4, கேட் போக 134.2.

சைட் மோகனா

ஏறக்குறைய அவ்வளவுதான். மூலைகள் சரியாக 90 பாகை இல்லாததால் ஒரு சில சென்டி முன்னே பின்னே வரும். தூண் எண்ணிக்கை மாறாது. 40.6-க்கும் 14 இடைவெளிதான், 28.6-க்கும் 10, 37.6-க்கும் 13. முன்பக்கம் 5.8-க்கு 2, 21.6-க்கு 8. அதே 48.

கணக்குப்பிள்ளை கே.எல்

தூணை விடுங்கள், வலையைப் பாருங்கள். 15 மீட்டர் ரோல் என்றால், முன்பு 135.8-க்கு ஒன்பது ரோல், 135 மீட்டர், 80 சென்டி பற்றாது. பத்தாவது ரோலை வாங்கி முக்கால்வாசிக்கு மேல் வீணாக்க வேண்டும். இப்போது 134.2-க்கு ஒன்பது ரோல் போதும், 80 சென்டி மிச்சம்!

பழைய கம்பிக்காரர்

காகிதத்தில் போதும். ரோலுக்கு ரோல் இணைக்கும்போது வீணாகாது, அது உண்மை. ஓரக் கம்பி ஒன்றை உருவி, இரண்டு வலையையும் ஒட்டி வைத்து அதே கம்பியைத் திரும்பப் பின்னிவிட்டால் இணைப்பே தெரியாது. ஆனால் மூலையிலும் கேட்டிலும் வலை முடிகிற இடத்தில் கண் அறுபடும், ஒரு கண் இரண்டு கண் போகும். ரோலில் 15 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் அவிழ்த்துப் போட்டு அளந்தால் எல்லா ரோலும் அப்படியே இருக்காது. நான் பத்து வாங்குவேன், மிச்சம் பின்னால் ஓட்டை அடைக்க ஆகும்.

கணக்குப்பிள்ளை கே.எல்

வலை இழுத்தால் நீளுமே ஐயா?

பழைய கம்பிக்காரர்

நீளும், உயரம் குறையும். கண் நெடுக்கில் தட்டையாகி 1.8 மீட்டர் வலை ஓரிரு சென்டி இறங்கிவிடும். கண் சதுரமாக நிற்கிற அளவுக்கு இழுப்பதுதான் சரியான இழுவை. அதற்கு மேல் இழுத்தால் பாரம் மூலைத் தூணுக்குத்தான். ஒன்பது ரோலே போதும் என்று நினைப்பவர் பிடிவாதமாக ஒன்பதே வாங்கட்டும், ஆனால் கடையில் பத்தாவதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வாங்கட்டும். அதே நிறம் அடுத்த மாதம் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை.

நிபோங்திபால் பையன்

வரிக்கம்பி எவ்வளவு வாங்குவது? கடையில் கிலோவில் கேட்கிறார்கள்.

சைட் மோகனா

வலையைத் தாங்க மேலே, நடுவே, அடியில் மூன்று வரி. 134.2 முறை மூன்று 403 மீட்டர், முனைகளில் சுற்றிக்கட்ட பத்து விழுக்காடு, ஆக 445 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 55 கிராம் எடை. 25 கிலோ வாங்கினால் போதும். முள்கம்பி இரண்டு வரி, 270 மீட்டர், முனைக்கும் சேர்த்து 285. அது எடைக்கும் விற்கிறார்கள், ரோலுக்கும் விற்கிறார்கள். எடையை நம்பாதீர்கள், கம்பியின் தடிமன் குறைந்தால் அதே எடையில் நீளம் கூடும், நமக்கு லாபம் போலத் தெரியும், இரண்டு வருடத்தில் அறுந்து தொங்கும். ரோலில் எழுதிய நீளத்தையும் தடிமனையும் பாருங்கள்.

மலையடிவாரம் கலா

ஒரு மூலைக்கு இரண்டு முட்டு என்றீர்கள். எங்கள் வீட்டில் மூலைக்கு ஒன்றுதான், மனைக்குள் குறுக்காக. நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து முட்டு மிச்சமாகுமே?

பழைய கம்பிக்காரர்

நாலு. கேட்டுக்கு எப்படியும் இரண்டு வேண்டும். கலா அம்மா, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி முடித்த பிறகு, இழுவை இரண்டும் சேர்ந்து மனையின் உள்பக்கம் குறுக்காகத்தான் விழுகிறது, அதனால் உங்கள் குறுக்கு முட்டு தாங்குகிறது. ஆனால் ஆட்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுப்பதில்லை. ஒரு பக்கம் இழுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்த நேரம் தூண் முறுக்கிக்கொள்ளும். பின்னால் ஒரு பக்கத்து வலையை அறுத்துப் பழுது பார்க்கும்போதும் அதே கதை. வரிசைக்கு ஒன்று, வேலி ஓடுகிற கோட்டிலேயே, தூணிலிருந்து நாலைந்தடி தள்ளி அடி ஊன்றி, தூணின் முக்கால் உயரத்தில் தலை முட்ட வேண்டும். 8 அடி தூண் இதற்குப் போதும், இங்கே 9 அடி வேண்டாம்.

கலவை போட்டு ஒரு வாரமாவது கழித்துத்தான் கம்பியை இழுக்க வேண்டும். நம் ஊரில் குளிர் இல்லை, சீக்கிரம் இறுகிவிடும் என்று மூன்றாம் நாளே கம்பியை இறுக்குகிற டர்ன்பக்கிளை முறுக்குகிறார்கள். கான்கிரீட் உடையாது, தூண் நூல் கோட்டை விட்டு நகரும், அவ்வளவுதான். அதை யாரும் திருப்பி நிமிர்த்த முடியாது.

நிபோங்திபால் பையன்

கூலி ஆள் கிடைத்துவிட்டார், துளை இயந்திரமும் அவரே கொண்டு வருகிறார். நான் எழுதிய பட்டியல்: 9 அடித் தூண் 49, முட்டுக்கு 8 அடி 11, சிமெண்டு இருபது மூட்டை, மணல் ஒன்றரை கனமீட்டர், கல் மூன்று, வலை ஒன்பது ரோல், 3 மில்லிமீட்டர் கம்பி 25 கிலோ, முள்கம்பி 285 மீட்டர். இடது பக்கம் வாய்க்கால் ஓரம், அங்கே கரை கொஞ்சம் இளகலாக இருக்கிறது. தோட்டத்துக்காரர் பன்றி வரும் என்கிறார், இன்னொருவர் பன்றி வராது என்கிறார்.

பழைய கம்பிக்காரர்

மூலை, கேட் குழிகளை இயந்திரத்தில் போட முடியாது, மண்வெட்டிதான். அதனால் இருபதை 22 ஆக்குங்கள். மிஞ்சினால் கேட் அடியில் தரை பூச ஆகும், குறைந்தால் ஒரு மூட்டைக்காக லோரி வராது.

வாய்க்கால் ஓரம் குழியின் ஒரு பக்கத்து மண் பலமில்லாமல் இருக்கும். அந்த வரிசைக்கு மட்டும் இயந்திரத்தை இன்னும் ஒரு சாண் ஆழமாக இறக்கி, தூணுக்குக் கீழே கலவை போடுங்கள். முடிந்தால் வரிசையையே இன்னும் ஒரு அடி உள்ளே தள்ளுங்கள்.

சைட் மோகனா

ஒரு அடி தள்ளினால் முன்பக்கமும் பின்பக்கமும் 30 சென்டி குறையும். கேட்டை நகர்த்தாவிட்டால் இடப்புறம் 5.5 மீட்டர், அதே 2 இடைவெளி. பின்பக்கம் 28.3, அதே 10. தூண் மாறவில்லை, வலை இன்னும் 60 சென்டி மிச்சம். பன்றி வரும் என்றால் அடிவரியை முதலில் முடிவு செய்யுங்கள். வலையைப் புதைப்பதானால் மேலே உயரம் குறையும், 1.8 போதுமா என்று பாருங்கள்.

மலையடிவாரம் கலா

புதைக்க வேண்டாம் என்பேன் இப்போது. வலையைத் தரையை ஒட்டி நிறுத்தி, அடியில் முள்கம்பி ஒரு வரி ஓட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பன்றி இன்னும் வரவில்லை, ஆனால் போட்டு அதிக நாள் ஆகவில்லை.

நிபோங்திபால் பையன்

அப்படியானால் முள்கம்பி இன்னொரு வரி, 140 மீட்டர் கூடுதல். ரோல் பத்தா ஒன்பதா என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்பது ரோலையும் இறக்கியதும் அவிழ்த்து அளந்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை கே.எல்

ஒன்பது போதும்.

பழைய கம்பிக்காரர்

பத்து.